ஏழு மாதத்துக்கு ஒருமுறை காணாமல் போகும் காஸ்: ஏசியில் மெதுவான லீக்கைத் தேடிப் பிடிப்பது எப்படி

கல்லடியில் ஒரு ஓய்வுபெற்ற டீச்சர் வீடு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே இருக்கிற அந்த ஒடுங்கிய நிலத்தில் எந்த இரும்பும் பத்து வருடம் தாங்காது. படுக்கையறையில் 12,000 பிடியு ஸ்பிளிட் ஏசி. ஆர்-410ஏ காஸ், பெயர்த் தகட்டில் அளவு 1 கிலோ. பூட்டி நாலு வருடம்தான்.

"தம்பி, இந்த முறையும் கூலிங் இல்ல. காஸ் முடிஞ்சிருக்கும், ஒருக்கா அடிச்சு விடுங்க" என்றுதான் கூப்பிட்டார். ஏற்கெனவே மூன்று பேர் வந்து மூன்று முறை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்று பேரும் அவுட்டோர் நட்டைப் பார்த்து ஒரு சுற்று இறுக்கி, "லீக் சரி அம்மா" என்றிருக்கிறார்கள். ஏசியில் காஸ் எரிந்து தீர்கிற பொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று மட்டும்தான் பொருள்.

டீச்சர் செய்த ஒரு நல்ல வேலை, ஒவ்வொரு முறையும் காஸ் அடித்த திகதியையும் எவ்வளவு அடித்தார்கள் என்பதையும் நாட்காட்டியில் எழுதி வைத்தது. ஏறத்தாழ ஏழு மாத இடைவெளி, ஒவ்வொரு முறையும் 350 கிராம் அளவில். நான் ஸ்பேனரை எடுக்க முதல் இந்த இரண்டு எண்களையும்தான் எடுத்தேன்.

முதலில் ஓட்டை எவ்வளவு பெரிது என்று கணக்குப் பாருங்கள்

ஏழு மாதத்தில் 350 கிராம் என்றால் மாதம் 50 கிராம், நாளுக்கு 1.7 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்தக் காஸ் வெளிக்காற்றில் ஆவியாக இருக்கும்போது லீட்டருக்கு மூன்று கிராம் அளவில் இருக்கும். ஆக நாளுக்கு அரை லீட்டருக்குக் கொஞ்சம் கூட, நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.4 மில்லிலீட்டர். ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சவர்க்காரக் குமிழியை நிரப்ப 0.065 மில்லிலீட்டர் போதும். எனவே ஓட்டை ஒன்றே ஒன்றாகவும் கண்ணுக்குத் தெரிகிற இடத்திலும் இருந்தால், சவர்க்கார நீர் பூசியதும் பத்து விநாடிக்கு ஒரு குமிழி வர வேண்டும்.

இப்படிக் கணக்குப் பார்த்துவிட்டுப் போனால், "இரண்டு நிமிடம் பார்த்தேன், குமிழி இல்லை" என்பதற்கு ஒரு பெறுமதி வரும். இந்த அளவு லீக்கில் ஒரு நட்டில் இரண்டு நிமிடம் ஒன்றும் வரவில்லை என்றால் அந்த நட் குற்றவாளி அல்ல. அதுவே வருடத்துக்கு 60 கிராம்தான் போகிறது என்றால் அதே குமிழிக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அங்கே இரண்டு நிமிடம் எதையும் நிரூபிக்காது.

இன்னொன்று. மெஷினை நிறுத்திவிட்டு கேஜ் மாட்டி, "அழுத்தம் நிற்கிறது, லீக் இல்லை" என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். உள்ளே காஸ் திரவமாகக் கொஞ்சமாவது மிஞ்சி இருக்கும்வரை, நின்றிருக்கும் மெஷினின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது சுற்றியுள்ள வெப்பநிலைதான். 32 பாகையில் ஆர்-410ஏ ஏறத்தாழ 270 பிஎஸ்ஐ காட்டும். ஒரு கிலோ இருந்தாலும் அதுதான், அரைக் கிலோ போய்விட்டாலும் அதுதான். வீட்டுக் காஸ் சிலிண்டரில் பாதி முடிந்தபிறகும் அடுப்பு ஒரே மாதிரி எரிகிறதே, அதே கதை.

கண்ணாலும் விரலாலும்

மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டு முதலில் சும்மா பாருங்கள். கொம்ப்ரஸர் எண்ணெய் காஸுடன் சேர்ந்தே சுற்றுவதால், காஸ் கசிகிற இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் கசியும். அதில் தூசு ஒட்டிக் கருப்பாக ஒரு திட்டு இருக்கும். டிஷ்யூவால் துடைத்தால் வழுவழுப்புத் தெரியும். குழாயின் விரித்த முனையை, அதாவது ஃபிளேரை, இறுக்கிப் பிடிக்கும் ஃபிளேர் நட், சேர்விஸ் வால்வின் மூடிகள், காஸ் அடிக்கும் வால்வின் நடுவே இருக்கும் ஊசி, கொயிலின் முனையில் வளைந்து திரும்பும் யூ வளைவுகள், பற்றுவைத்த மூட்டுகள் எல்லாவற்றையும் பாருங்கள். எங்கள் கரையில் அவுட்டோர் கொயிலின் அலுமினியத் தகடுகள் வெள்ளைத் தூளாக உதிர்வதும், செப்பில் பச்சைக் களிம்பு ஏறுவதும் சாதாரணம். களிம்பு மட்டும் லீக்குக்குச் சாட்சி அல்ல. களிம்போடு எண்ணெயும் இருந்தால் அங்கே ஒரு அடையாளம் போடுங்கள்.

டீச்சர் வீட்டில் அவுட்டோரில் எண்ணெய் இல்லை. நட்டுகள் மட்டும் மூன்று பேர் இறுக்கி இறுக்கி மூலை மழுங்கிப் போயிருந்தன. கால் அங்குல நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் பலம் கொடுத்தால் ஃபிளேர் மெலிந்து பிளந்துவிடும், இல்லாத லீக்கை நாமே உண்டாக்கியதாகும்.

டிடெக்டர் முதலில், சவர்க்காரம் பிறகு

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். சவர்க்கார நீர் பூசிய இடத்தில் டிடெக்டரைக் கொண்டுபோனால் ஈரத்துக்கும் வாசனைக்கும் கத்தும், சிலவேளை மூக்கு நீரை உறிஞ்சி சென்சரே போய்விடும்.

என்ன வகை டிடெக்டர் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். பழைய, விலை குறைந்த கொரோனா வகை குளோரினை மோப்பம் பிடிக்க வந்தது. ஆர்-22இல் குளோரின் உண்டு, ஆர்-410ஏயில் இல்லை. அதனால் புதிய காஸுக்கு அது சரியாக வேலை செய்யாது. சூடாக்கிய டயோட் வகையும் இன்ஃப்ராரெட் வகையும் நம்பத்தக்கவை. நல்லவை வருடத்துக்கு மூன்று, ஐந்து கிராம் லீக்கைக்கூடக் காட்டும். இன்ஃப்ராரெட் வகையில் ஒரு பழக்கம் உண்டு: அது காஸின் அளவு மாறுவதைத்தான் உணரும். ஓட்டையின் மேல் அசையாமல் பிடித்தால் ஒருமுறை கத்திவிட்டு அமைதியாகிவிடும். புதிதாகக் கையில் எடுத்தவர்கள் அதைப் பழுது என்று நினைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். கையை எடுத்துத் திரும்பக் கொண்டுவந்தால் மறுபடி கத்தும்.

ஆர்-32 போட்ட மெஷினாக இருந்தாலோ, ஆர்-600ஏ போட்ட ஃபிரிட்ஜாக இருந்தாலோ அவை தீப்பற்றும் காஸ்கள். அவற்றுக்கு ஏற்றது என்று எழுதியிருக்கும் டிடெக்டரைத் தவிர வேறெதையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

செய்முறை இது. மெஷினை நிறுத்துங்கள். ஓடும்போது ஆர்-410ஏயின் தாழ் அழுத்தப் பக்கம் 120, 130 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்கும். நின்ற சில நிமிடங்களில் இரண்டு பக்கமும் சமப்பட்டு அது இரட்டிப்புக்குக் கிட்ட ஏறும், லீக்கும் வேகமாகும். அறைக் கதவு, யன்னல், சீலிங் ஃபேன் எல்லாவற்றையும் மூடி நிறுத்துங்கள். பத்து நிமிடம் சும்மா இருங்கள். டிடெக்டரை வெளியே நல்ல காற்றில் ஓன் பண்ணிச் சூடாக விடுங்கள். பிறகு மூக்கை மேற்பரப்புக்கு ஐந்து மில்லிமீட்டர் கிட்டப் பிடித்து, விநாடிக்கு இரண்டு மூன்று சென்ரிமீட்டருக்கு மேல் போகாமல் நகர்த்துங்கள். இந்த வேகம் மிக மெதுவானது, கைக்கு அலுப்பாக இருக்கும், ஆனால் வேறு வழியில்லை. காஸ் காற்றைவிடப் பாரமானது, கீழே இறங்கும். அதனால் மூட்டின் மேல் பக்கத்தைவிட அடிப்பக்கத்தைக் கவனியுங்கள்.

அந்த வீட்டில் அவுட்டோரில் எல்லா மூட்டையும் சுற்றி வந்தும் சத்தமில்லை. அறைக்குள் கொயிலின் முன்னால் இரண்டு முறை லேசாகக் கத்தியது, மூன்றாம் முறை கத்தவில்லை. அப்படியான சத்தத்தை நம்பக் கூடாது. மூன்று முறை போய் மூன்று முறையும் ஒரே இடத்தில் கத்தினால்தான் நான் அதை எழுதிக்கொள்வேன்.

பிறகு வெளியே போய், தண்ணீர் வடியும் குழாயின் வாயில் பிடித்தேன். உடனே கத்தியது. எடுத்து வைத்தேன், மறுபடி கத்தியது. மூன்றாம் முறையும். இன்டோர் கொயிலில் கசியும் காஸ் பாரத்தால் கீழே உள்ள தட்டில் இறங்கித் தேங்கி, வடிகுழாய் வழியாக வெளியேறும். இன்டோர் கொயிலைச் சந்தேகிக்கும்போது முதலில் மோப்பம் பிடிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரு எச்சரிக்கை: குழாயில் தண்ணீர் நின்றால் மூக்கை உள்ளே விடாதீர்கள், வாயின் ஓரத்தோடு நிறுத்துங்கள்.

சவர்க்கார நீர்

பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, கிளிசரின் அரைத் தேக்கரண்டி. கிளிசரின் போட்டால் படலம் சீக்கிரம் காயாது. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் நுரை சரியாக வராது, குடிக்கும் தண்ணீரையே எடுங்கள். குலுக்கக் கூடாது. குலுக்கினால் பூசும்போதே குமிழிகள் வந்து, எது லீக், எது நம் கைவேலை என்று தெரியாமல் போகும். மெல்லிய பெயின்ற் பிரஷ்ஷால் மூட்டைச் சுற்றி முழுதாக மூடும்படி பூசுங்கள்.

பெரிய ஓட்டையில் பெரிய குமிழி ஊதி உடையும், அது எவருக்கும் தெரியும். சின்ன ஓட்டையில் குமிழி வராது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, சோற்றுப் பானையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் கஞ்சி நுரைபோல வெள்ளையாக ஒரு சிறு குவியல் சேரும். தேட வேண்டியது அதைத்தான். நட்டின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் சின்னக் கண்ணாடி ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். கச்சான் காற்று வீசுகிற ஆனி, ஆடி மாதங்களில் வெளியே பூசிய படலம் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிடும். ஒரு மட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காலை ஏழு மணிக்கு முதல் வேலையை முடியுங்கள். முடிந்ததும் நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். சில சோப்புகள் பித்தளையை அரிக்கும், எங்களுக்கு உப்பே போதும்.

டீச்சர் வீட்டு இன்டோரில் பின்னால் இருந்த இரண்டு ஃபிளேரிலும், பக்கத்தில் தெரிந்த யூ வளைவுகளிலும் பூசினேன். ஐந்து நிமிடம். ஒன்றும் இல்லை. கணக்குப்படி அங்கே இருந்திருந்தால் முப்பது குமிழி வந்திருக்க வேண்டும். ஆக மூட்டுகள் நல்லவை. சத்தம் வடிகுழாயில். மிஞ்சுவது, தகடுகளுக்குள் மறைந்து ஓடும் செப்புக் குழாய். அங்கே பிரஷ்ஷும் போகாது, கண்ணும் போகாது.

இந்த இடத்தில் "கொயில் போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிடலாம். ஆனால் கொயில் மாற்றுவது ஒரு ஓய்வூதியக்காரருக்குச் சின்னச் செலவு அல்ல. டிடெக்டர் ஒன்றின் பேச்சை மட்டும் வைத்து அந்தச் செலவைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காஸை எடுத்துவிட்டு, நைதரசனை அழுத்தத்தில் ஏற்றி, அது விழுகிறதா என்று பார்க்க முடிவு செய்தேன்.

நைதரசனுக்கு முன்: பம்ப் டவுன் செய்யாதீர்கள்

எங்கள் பக்கம் எல்லோரும் செய்கிற குறுக்கு வழி, மெஷினை ஓட்டி, திரவ வால்வை மூடி, காஸை அவுட்டோருக்குள் இழுத்து அடைப்பது. லீக் இல்லாத மெஷினை இடம் மாற்றும்போது அது சரி. லீக் இருக்கிற மெஷினில் செய்தால், தாழ் அழுத்தப் பக்கம் வெற்றிடத்துக்கு இறங்கும்போது அதே ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே போகும். காற்று, எண்ணெய் ஆவி, கொம்ப்ரஸரின் அழுத்தம், சூடு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தால் டீசல் இயந்திரத்தின் உள்ளே நடப்பதுதான் நடக்கும். கொம்ப்ரஸர் வெடிக்கக்கூடும். காஸ் லீக் உள்ள நிலையில் பம்ப் டவுன் செய்யவேண்டாம் என்று நிறுவனங்களின் கையேடுகளிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள், நாங்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

காஸை ரிக்கவரி மெஷினால் சிலிண்டருக்கு எடுங்கள். காற்றில் திறந்துவிட வேண்டாம். ஒரு கிலோ ஆர்-410ஏ, சூடேற்றும் கணக்கில் இரண்டாயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். சிலிண்டரைத் தராசில் வைத்து எடுத்தேன்: 640 கிராம். நாட்காட்டிக் கணக்கோடு ஒத்துப்போனது.

இரவு முழுக்க நைதரசன்

உலர் நைதரசன் மட்டும். ஒட்சிசன் சிலிண்டரைத் தொடவே கூடாது, அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். டயர் கடைக் கொம்ப்ரஸர் காற்றும் வேண்டாம், அதில் ஈரமும் ஒட்சிசனும் உண்டு. நிரம்பிய நைதரசன் சிலிண்டருக்குள் இரண்டாயிரம் பிஎஸ்ஐக்கு மேல் இருக்கும், ஆகவே ரெகுலேட்டர் இல்லாமல் ஹோஸை மாட்டுகிறவன் தன் கண்ணைப் பணயம் வைக்கிறான். சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வையுங்கள். சின்ன அறையாக இருந்தால் யன்னலைத் திறந்து வையுங்கள், நைதரசனுக்கு வாசனை இல்லை, மூச்சுக்குரிய காற்றைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும்.

எவ்வளவு அழுத்தம் என்பதைப் பெயர்த் தகடு சொல்லும். உயர் அழுத்தப் பக்கத்துக்கு ஒன்று, தாழ் அழுத்தப் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு எண் இருக்கும். கொம்ப்ரஸர், இன்டோர் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும்போது சின்ன எண்ணைத் தாண்டக் கூடாது. இந்த மெஷினில் தாழ் பக்கம் 2.5 மெகாபஸ்கல், அதாவது 362 பிஎஸ்ஐ. நான் 350 என்று வைத்துக்கொண்டேன். ஒரேயடியாக ஏற்றவில்லை: 75இல் நிறுத்தி ஐந்து நிமிடம், 200இல் நிறுத்தி ஐந்து நிமிடம், பிறகு 350. பெரிய ஓட்டை இருந்தால் முதல் இரண்டு படியிலேயே தெரிந்துவிடும், நைதரசனும் மிஞ்சும்.

350 வந்ததும் சிலிண்டரை மூடி, ஹோஸையும் கழற்றிவிடுங்கள். ரெகுலேட்டர் மாட்டியபடியே இருந்தால், அது மெல்ல மெல்லக் கசியவிட்டு ஓட்டையில் போனதை ஈடுசெய்துவிடும், நீங்கள் காலையில் வந்து "அசையவே இல்லை" என்று சந்தோஷப்படுவீர்கள். கேஜ் மாட்டிய மூட்டிலும் ஹோஸின் வாசர்களிலும் சவர்க்கார நீர் பூசிப் பாருங்கள். நான் பிடித்த "லீக்"குகளில் பல என் சொந்த ஹோஸ் லீக்குகள்தான்.

அரை மணித்தியாலம் கழிந்தது. கூட வந்த பையன் கேஜைப் பார்த்துவிட்டு, "அண்ணன், முள்ளு அசையவே இல்லையே. லீக் இல்லைப் போல" என்றான்.

அவனுக்கு நிலத்தில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். மெஷினுக்குள் மொத்தக் கொள்ளளவு இரண்டரை லீட்டர் என்று வைப்போம். நிமிடத்துக்கு 0.4 மில்லிலீட்டர் போன ஓட்டையில், கூடின அழுத்தத்தில் நைதரசன் இரண்டு மடங்கு போகட்டும், 0.8. அரை மணித்தியாலத்தில் 24 மில்லிலீட்டர். இது வெளிக்காற்றின் அழுத்தத்தில் அளந்த 24 மில்லிலீட்டர், உள்ளே 350 பிஎஸ்ஐயில் நெருக்குண்டு இருக்கும்போது அது ஒரு மில்லிலீட்டர்தான். ஆகவே இரண்டரை லீட்டரில் அது குறைந்தால் அழுத்தம் விழுவது 0.15 பிஎஸ்ஐகூட இல்லை. அந்த முள்ளின் தடிப்பே அதைவிடக் கூட. ஏழு மாதம் எடுத்துக் காஸைக் கரைக்கிற ஓட்டையை அரை மணித்தியாலத்தில் காட்டு என்று கேஜைக் கேட்பது நியாயமில்லை. பதின்மூன்று மணித்தியாலம் விட்டால் நாலு பிஎஸ்ஐ விழும். அதைப் படிக்கலாம்.

ஆனால் இரவு விட்டால் வேறொரு சிக்கல் வரும். நைதரசன் உள்ளே காஸாகவே இருப்பதால் வெப்பநிலை குறையும்போது அதன் அழுத்தமும் தானாகக் குறையும். ஆகவே அவுட்டோர் குழாயில் ஒரு வெப்பமானி முனையைக் கட்டி, நேரம், அழுத்தம், வெப்பநிலை மூன்றையும் எழுதுங்கள். நான் எழுதியது: மாலை 5 மணி, 350 பிஎஸ்ஐ, 33 பாகை. மறுநாள் காலை 6 மணி, 339 பிஎஸ்ஐ, 27 பாகை.

பதினொரு பிஎஸ்ஐ விழுந்திருக்கிறது. இதில் எவ்வளவு குளிரால், எவ்வளவு ஓட்டையால்? கேஜ் எண்ணோடு வளிமண்டல அழுத்தம் 15ஐக் கூட்ட வேண்டும், வெப்பநிலையோடு 273ஐக் கூட்ட வேண்டும். மாலை: 365 பிஎஸ்ஐ, 306. காலை வெப்பநிலை: 300.

```
365 × 300 ÷ 306 = 358
358 − 15 = 343
```

லீக்கே இல்லாவிட்டாலும் காலையில் கேஜ் 343தான் காட்டியிருக்கும். காட்டியது 339. குளிரால் ஏழு, ஓட்டையால் நாலு. மனக்கணக்குக்கு, இந்த அழுத்தத்தில் ஒரு பாகைக்கு 1.2 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்ளலாம். வெப்பநிலையை எழுதாமல் விட்டிருந்தால் பதினொன்றையும் லீக் என்று சொல்லியிருப்பேன். மறுபுறம், காலையில் ஏற்றி வெயில் ஏறிய மத்தியானத்தில் பார்த்திருந்தால், சூட்டால் ஏறியது ஓட்டையால் விழுந்ததை மறைத்து "லீக் இல்லை" என்றிருக்கும். இந்த இரண்டாவது பிழைதான் ஆபத்து, ஏனென்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அவுட்டோரில் நேர் வெயில் படும்போது எடுத்த அளவை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இரண்டாகப் பிரிப்பது

லீக் இருக்கிறது என்பது உறுதி. எங்கே என்பது பாக்கி. நைதரசனை மெல்ல வெளியே விட்டு, இன்டோர் பின்னால் இருந்த இரண்டு ஃபிளேரையும் கழற்றி, இன்டோர் கொயிலைத் தனியாகவும், குழாயும் அவுட்டோரும் சேர்ந்த பகுதியைத் தனியாகவும் மூடிபோட்டு அடைத்தேன். இரண்டுக்கும் ஒவ்வொரு கேஜ், இரண்டிலும் 350.

பிரிப்பதில் ஒரு இலாபம் உண்டு. இன்டோர் கொயிலின் கொள்ளளவு முழு மெஷினின் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஓட்டை அதே ஓட்டை, ஆனால் அது காலியாக்க வேண்டிய இடம் குறைந்துவிட்டது, அதனால் அழுத்தம் மூன்று மடங்கு வேகமாக விழும். இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நாலு மணித்தியாலத்தில், வெப்பநிலையைக் கழித்த பிறகு, இன்டோர் பக்கம் மூன்றரை பிஎஸ்ஐ இறங்கியிருந்தது. அவுட்டோர் பக்கம் இருந்த இடத்திலேயே நின்றது. மூன்று பேர் இறுக்கிய அந்த நட்டுகள் அந்தப் பக்கம்தான் இருந்தன.

டீச்சருக்கும் கண்ணால் காட்ட வேண்டும் என்று, கொயிலைக் கழற்றி, மீன் கொண்டுபோகிற பெரிய ரெஜிஃபோம் பெட்டியில் தண்ணீர் நிரப்பி 150 பிஎஸ்ஐயோடு மூழ்க வைத்தேன். முதலில் தகடுகளுக்கு இடையில் சிக்கிய காற்று நிறையக் கிளம்பும், அதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பிரஷ்ஷால் தட்டிவிட்டுப் பத்து நிமிடம் பொறுத்தால் அது நின்றுவிடும். அதன் பிறகும் மூன்று இடத்தில் ஊசி முனை அளவு குமிழிகள் ஒரே கோட்டில் வரிசையாக மேலே வந்துகொண்டிருந்தன. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "இதையா நான் மூணு தரம் காசு குடுத்து நிரப்பினேன்?" என்றார்.

இப்படி மெல்லிய செப்புக் குழாயில் ஒரே கொயிலில் பல இடத்தில் ஊசித் துளை விழுவது பெரும்பாலும் எறும்புப் புற்று அரிப்பு. ஃபோர்மிக், அசற்றிக் போன்ற அமிலங்களின் ஆவி, ஈரம், காற்று மூன்றும் சேர்ந்து செப்பைக் குடைந்துகொண்டு போகும். பிளைவுட் பசை, பெயின்ற், வினிகர் ஆகியவற்றிலிருந்து அந்த ஆவி வரும். அந்த அறையில் ஒரு சுவர் முழுக்க பிளைவுட் அலுமாரி. குழாயின் வெளியே ஒரு கரும்புள்ளிதான் தெரியும், உள்ளே கிளைவிட்டு ஓடியிருக்கும். அதனால் இதைப் பற்றுவைத்து ஒட்டுவது வீண்வேலை. மூன்றை அடைத்தால் நாலாவது அடுத்த வருடம் திறக்கும். கொயிலைத்தான் மாற்ற வேண்டும். யூ வளைவில் ஒரே ஒரு துளை, சுற்றிச் செப்பு சுத்தம் என்றால் பற்றுவைக்கலாம், அது வேறு நோய்.

மாற்றிய பிறகு

புதிய கொயிலைப் பூட்டி, ஃபிளேரை டோர்க் ஸ்பேனரால் இறுக்கி, மறுபடி 350 நைதரசன், மறுபடி ஒரு இரவு. மாலை 349, 32 பாகை. காலை 344, 28 பாகை. கணக்கு எதிர்பார்த்ததும் 344.

பிறகுதான் வக்கியூம், 500 மைக்ரோனுக்குக் கீழ். வக்கியூம் பிடித்து நிற்கிறதா என்று பார்ப்பதை நைதரசனுக்குப் பதிலாகச் செய்யக் கூடாது. வெற்றிடத்தில் ஓட்டையின் இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 15 பிஎஸ்ஐ, ஓடும் மெஷினில் அது நூற்றுக்கணக்கு. வக்கியூமின் வேலை ஈரத்தையும் காற்றையும் எடுப்பது.

காஸ் தராசில் வைத்து, தகட்டில் உள்ளபடி 1 கிலோ, திரவமாக. கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக அல்ல. அடித்த திகதியையும் நிறையையும் ஒரு துண்டில் எழுதி, மழை படாத இடமாக அவுட்டோரின் மின் மூடிக்குள் ஒட்டினேன். டீச்சர் தன் நாட்காட்டியிலும் எழுதிக்கொண்டார். ஏழாம் மாதம் நான் போய் இன்னொருமுறை வடிகுழாயில் டிடெக்டரைப் பிடித்தேன், சத்தமில்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.